கடைசி வரிசையையும் எட்டும் எழுத்து

ஓர் அரங்கில் படக்காட்சியுடன் பேச்சு நடக்கிறது. முன் வரிசையில் இருப்பவர் திரையில் 'கோடு' என்று படிக்கிறார். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அதே சொல் 'கொடு' போலத் தெரிகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொம்பின் மேலே சுழித்திருக்கும் ஒரு சிறு வளையம்தான். தமிழ் எழுத்தின் உயிர் இப்படிப்பட்ட நுண்மைகளில் இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி, கி-க்கும் கீ-க்கும் இடையே உள்ள சுழி, ரகரத்தையும் காலையும் பிரிக்கும் சின்னச் சாய்கோடு ஆகியவையே தூரத்தில் முதலில் மறைகின்றன. பழகிய சொல்லென்றால் மனம் நிரப்பிக்கொள்ளும். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வந்தால் நிரப்ப வழியில்லை.

எனவே எழுத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது ஸ்லைடு தயாரிப்பவரின் கண் அல்ல, கடைசி நாற்காலி இருக்கும் தூரம். இதற்கு எளிய கணக்கு இருக்கிறது. பவர்பாயிண்ட்டின் வழக்கமான அகலத் திரை ஸ்லைடு 7.5 அங்குல உயரம், அதாவது 540 பாயிண்ட். அரங்கின் திரை 1.5 மீட்டர் உயரம் என்று கொள்வோம். அப்போது ஒரு பாயிண்ட், திரையில் சுமார் 2.8 மில்லிமீட்டர். கடைசி வரிசை 12 மீட்டரில் இருக்கிறது. கண் பரிசோதனையில் 6/6 பெறும் நல்ல பார்வை, அந்தத் தூரத்தில் 17.5 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை முயன்று படித்துவிடும். முயன்று படிப்பது வேறு, பேச்சைக் கேட்டபடி இயல்பாகப் படிப்பது வேறு. இயல்பாகப் படிக்க அதைப்போல் இரண்டரை மடங்காவது வேண்டும், அதாவது சுமார் 44 மில்லிமீட்டர்.

எழுத்துருவின் அளவு என்று நாம் சொல்லும் எண், எழுத்தின் உயரம் அல்ல. மேலே விசிறிக்கும் புள்ளிக்கும், கீழே 'கூ', 'ழு' போன்றவற்றின் வளைவுகளுக்கும் இடம் ஒதுக்கியது போக, 'க', 'ப' போன்ற எழுத்துகளின் உடலுக்கு ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். 32 பாயிண்ட் எழுத்து இந்த அரங்கில் 90 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். அதில் உடல் 45. நமக்கு வேண்டியது அதுவே. 24 பாயிண்ட் என்றால் உடல் 33 மில்லிமீட்டர், அதாவது நல்ல கண் படிக்கும் எல்லையைப்போல் இரண்டு மடங்கு. ஒரு முறை பார்த்துவிட்டு நகரும் படக்குறிப்புக்கு அது போதும். 18 பாயிண்ட்டில் புள்ளியின் குறுக்களவு 5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். 12 மீட்டரில் நல்ல கண் பிரித்தறியும் எல்லை மூன்றரை மில்லிமீட்டர். ஏகாரக் கொம்பின் வளையத்துக்குள் இருக்கும் வெற்றிடம் அதைவிடச் சிறியது. 'கோடு' 'கொடு' ஆவது இங்கேதான்.

ஆகவே இந்த அரங்குக்குத் தலைப்பு 48, உடற்பகுதி 32, படக்குறிப்பு 24 என்று வைக்கலாம். தலைப்பு 36, உடற்பகுதி 32 என்று வைத்தால் கடைசி வரிசையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் மூன்றில் ஒரு பங்காவது வேறுபாடு இல்லாவிட்டால் கண் அதைப் படிநிலையாகக் கொள்ளாது. மூன்றுக்கு மேல் அளவு வைத்துக்கொள்வதும் வீண்.

இனி எழுத்துருச் சேர்க்கை. ஆங்கில ஸ்லைடுகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் தலைப்புக்கு ஒன்று, உடற்பகுதிக்கு ஒன்று என்பதோடு முடிந்துவிடும். தமிழ் ஸ்லைடில் அதற்கு முன்பே ஒரு சேர்க்கை நம்மைக் கேட்காமல் நடந்துவிடுகிறது. Calibri-யில் தமிழ் எழுத்து கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால், எண்களும் ஆங்கிலச் சுருக்கங்களும் Calibri-யில் வரும். தமிழுக்குக் கணினி தானாக Latha-வையோ Nirmala UI-யையோ கொண்டுவந்து வைக்கும். ஒரே வரியில் இரண்டு தடிமன், இரண்டு உயரம். ஆண்டுகளும் அளவுகளும் நிறைந்த பேச்சில் இது கண்ணை உறுத்தும். Mukta Malar, Catamaran, Hind Madurai போன்ற இலவச எழுத்துருக்களில் தமிழும் ரோமனும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரைந்தவை. வரி சமமாக நிற்கும்.

என் தீர்ப்பு இது: உடற்பகுதிக்கும் படக்குறிப்புக்கும் கோட்டின் தடிமன் சீராக உள்ள ஒரே எழுத்துரு போதும். மெலிந்த வகை வேண்டாம், புரொஜெக்டர் வெளிச்சம் அதைத் தின்றுவிடும். மிகத் தடித்த வகையும் வேண்டாம், 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். நடுத்தரத் தடிமனே சரி. Noto Serif Tamil போலத் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகள் கொண்ட எழுத்துரு அழகானதுதான். ஆனால் அதன் மெல்லிய கோடுகள் 24 பாயிண்ட்டில் காணாமல் போகும். அதைத் தடித்த வகையில் தலைப்புக்கு மட்டும் வைத்து, கீழே Noto Sans Tamil வைத்தால் நல்ல ஜோடி.

ஒரு ஸ்லைடை எடுத்துப் பார்ப்போம். உத்திரமேரூர் பற்றிய பேச்சு. தலைப்பு: 'உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் எடுத்துரைக்கும் குடவோலைத் தேர்தல் முறையின் சிறப்பியல்புகள்'. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இது 48 பாயிண்ட்டில் மூன்று நான்கு வரி பிடிக்கும். உடனே நிரல் தானாக அளவைக் குறைக்கத் தொடங்கும். எழுத்து கொள்ளாதபோது சத்தமில்லாமல் சுருக்கும் அந்த வசதியே படிநிலையைக் கெடுக்கும் முதல் காரணம். ஒரு ஸ்லைடில் உடற்பகுதி 32 ஆகவும், அடுத்ததில் 22 ஆகவும் இருப்பது அதனால்தான். எழுத்துப் பெட்டியின் அமைப்பில் Do not Autofit என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கொள்ளாத எழுத்து வெளியே வழிந்து நம்மைக் குறைக்கச் சொல்லும்.

தலைப்பு 'குடவோலை முறை' என்று இரண்டு சொல் ஆகட்டும். உடற்பகுதியில், 'தகுதியுள்ளோர் பெயர் ஓலையில்', 'ஓலைகள் குடத்தில்', 'சிறுவன் ஒன்றை எடுப்பான்' என்று மூன்று வரி. மீதியைப் பேச்சாளர் சொல்லட்டும். கல்வெட்டுப் படத்தின் கீழே 24 பாயிண்ட்டில், 'வைகுண்டப் பெருமாள் கோயில், 10ஆம் நூற்றாண்டு'. படக்குறிப்பை வெளிர் சாம்பல் நிறத்தில் போடும் வழக்கம் உண்டு. அளவில் ஏற்கெனவே சிறியதை நிறத்திலும் மங்கவைக்கக் கூடாது.

வரி இடைவெளியையும் பார்க்க வேண்டும். பவர்பாயிண்ட்டின் வழக்கமான வார்ப்பில் உடற்பகுதிக்கு இடைவெளி 0.9. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் மேல் வரியின் 'கூ' கீழ்வரியின் புள்ளியில் முட்டும். 1.1 அல்லது 1.2 வைத்தால் வரிகள் பிரிந்து நிற்கும்.

இன்னொன்று அரங்கில்தான் தெரியவரும். நம் கணினியில் நிறுவிய எழுத்துரு அங்குள்ள கணினியில் இருக்காது. வேறொன்று அதன் இடத்தில் உட்கார்ந்து, வரிகள் உடையும். பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துரு என்றால் தமிழே ரோமன் எழுத்துக் குவியலாகிவிடும். சேமிக்கும் அமைப்பில் Embed fonts in the file என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே ஒரு பி.டி.எஃப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

அரங்குக்குப் போகாமலே சோதிக்கலாம். நம் கணக்கில் கடைசி வரிசை, திரை உயரத்தைப்போல் எட்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. 15.6 அங்குல லேப்டாப்பின் திரை உயரம் சுமார் 19 சென்டிமீட்டர். ஸ்லைடைத் திரை முழுவதும் விரித்துவிட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். எழுதியவருக்குச் சொற்கள் மனப்பாடம் என்பதால், முன்பு பார்க்காத ஒருவரைப் படிக்கச் சொல்வது இன்னும் நல்லது. அவர் எந்தச் சொல்லில் தயங்குகிறாரோ அந்த ஸ்லைடில் எழுத்தைச் சிறிதாக்காமல் சொல்லைக் குறையுங்கள்.