350 ரூபாய் எங்கே போனது?

மென்பொருள் நிறுவனங்களில் டெக்னிக்கல் ரைட்டர் என்றொரு வேலை உண்டு. ஒரு செயலியை எப்படி நிறுவுவது, ஒரு கருவியை எப்படி இயக்குவது, பிழை வந்தால் என்ன செய்வது என்று பயனாளருக்கு எழுதித் தருபவர் அவர். இந்த வேலைக்கான இன்டர்வியூவில் பேச்சை விட எழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம். சிக்கலான ஒரு நடைமுறையைக் கொடுத்து, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதச் சொல்வார்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான்.

இப்படி ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம்: "மருந்துக் கடையில் ஒருவர் யு.பி.ஐ. மூலம் 350 ரூபாய் செலுத்துகிறார். அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. கடைக்காரரோ வரவில்லை என்கிறார். யு.பி.ஐ. பயன்படுத்தத் தொடங்கி ஒரு வாரமே ஆன அந்த நபருக்கு எழுதுங்கள்."

விஷயம் தெரிந்த விண்ணப்பதாரர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்: "ரெமிட்டர் வங்கி டெபிட் செய்தபின் பெனிஃபிஷியரி வங்கியின் பதில் டைம்-அவுட் ஆகும்பட்சத்தில் பரிவர்த்தனை நிலுவை நிலைக்குச் செல்லும்." ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆனால் கடை வாசலில் போனும் கையுமாக நிற்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அவர் மனதில் இருப்பது இரண்டே கேள்விகள். என் பணம் போய்விட்டதா? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

அவற்றுக்குப் பதில் எழுத, உள்ளே நடப்பதை எழுதுபவர் முதலில் முழுமையாக அறிந்திருக்க வேண்டும். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. அமைப்பை நடத்துவது இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம். நாம் பின் எண்ணை அழுத்தியதும் அது போனிலேயே மறைகுறியாக மாற்றப்பட்டு, கழகத்தின் வழியாக நம் வங்கிக்குப் போகிறது. நம் வங்கி எண்ணைச் சரிபார்த்துப் பணத்தைக் கழிக்கிறது. பிறகு கழகம், கடைக்காரரின் வங்கியிடம் பணத்தை வரவு வைக்கச் சொல்கிறது. அந்த வங்கி 'வைத்தாயிற்று' என்று பதில் சொன்ன பிறகே நம் திரையில் வெற்றி என்று காட்டும். கழிப்பது ஒரு வங்கி, வரவு வைப்பது இன்னொரு வங்கி. இரண்டுக்கும் நடுவே பதில் தடைப்பட்டால், பணம் ஒரு பக்கம் கழிந்தும் மறுபக்கம் சேராமலும் நிற்கும்.

இதில் புதியவருக்கு எவ்வளவு சொல்வது? மறைகுறியாக்கம் அவருக்கு இந்த நேரத்தில் தேவையில்லை. கழகத்தின் பெயரும் தேவையில்லை. இரண்டு வங்கிகள் இருக்கின்றன, ஒன்றின் பதிலுக்கு மற்றொன்று காத்திருக்கிறது என்பது மட்டும் தேவை. அது தெரிந்தால்தான் 'காத்திருங்கள்' என்ற அறிவுரையை அவர் நம்புவார். எதைச் சேர்த்தோம் என்பதை விட எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பதில்தான் எழுதியவரின் தரம் தெரியும். எழுதி முடித்ததும் தேர்வாளர்கள் அதைத்தான் துருவிக் கேட்பார்கள்.

நல்ல சாம்பிள் ஏறக்குறைய இப்படி அமையும்:

"உங்கள் பணம் தொலைந்துவிடவில்லை. உங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது; கடைக்காரரின் வங்கியிலிருந்து பதில் வரவில்லை. நிலைமை தெரியும்வரை மறுபடி பணம் அனுப்பாதீர்கள். அனுப்பினால் இரண்டு முறை போய்விடக்கூடும்.

1. செயலியைத் திறந்து, நீங்கள் இதுவரை அனுப்பிய தொகைகளின் பட்டியலுக்குச் செல்லுங்கள். 350 ரூபாய் பட்டியலின் மேற்பகுதியில் இருக்கும்.

2. அந்த வரியைத் தொடுங்கள். வெற்றி, நிலுவை, தோல்வி என்ற மூன்றில் ஒன்று தெரியும்.

3. வெற்றி என்றிருந்தால், அதே திரையில் உள்ள 12 இலக்க எண்ணைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அந்த எண்ணைக் கொண்டு அவர் தன் கணக்கில் பார்க்கலாம்.

4. நிலுவை என்றிருந்தால், காத்திருந்து மறுபடி பாருங்கள். அது வெற்றியாகவோ தோல்வியாகவோ மாறும்.

5. தோல்வி என்றிருந்தால், பணம் உங்கள் கணக்குக்குத் தானாகத் திரும்பும். 5 நாட்களுக்குள் வராவிட்டால், அந்த 12 இலக்க எண்ணுடன் உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள்."

எளிமையாகத் தெரியும் இந்தப் பக்கத்தில் உள்ள முடிவுகள் எளிமையானவை அல்ல. 'மறுபடி அனுப்பாதீர்கள்' என்ற எச்சரிக்கை படிகளுக்கு முன்னால் நிற்கிறது. ஐந்தாம் படிக்குப் பிறகு அதை எழுதினால், படிப்பவர் அதற்குள் இன்னொரு 350 ரூபாயை அனுப்பியிருப்பார்.  வாக்கியங்களும் சிறியவை; விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென உருவான ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற எழுத்துத் தரம், செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கிறது.

அதேபோல் 'தோல்வி என்றிருந்தால்' என்ற நிபந்தனை முதலில் வந்து, செய்ய வேண்டியது பிறகு வருகிறது. 'வங்கியில் புகார் கொடுங்கள், பணம் வராவிட்டால்' என்று எழுதினால் அவசரத்தில் இருப்பவர் பாதி வாக்கியத்திலேயே வங்கிக்குக் கிளம்பிவிடுவார். முதல் இரண்டு படிகளின் முடிவிலும் திரையில் என்ன தெரியும் என்று சொல்லியிருப்பதும் காரணத்தோடுதான். தான் சரியான இடத்தில் இருக்கிறோமா என்பதை அறிய, வழிதெரியாதவருக்கு வேறு சான்று இல்லை.

அந்த 5 நாள் கணக்கு இன்னும் நுட்பமானது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தியது என்றால் 5 நாட்களுக்குள். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் கடையில் ஒட்டியிருக்கும் குறியீடு வணிகக் கணக்கினுடையதா, கடைக்காரரின் சொந்தக் கணக்கினுடையதா என்பது வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? அவரால் விடை சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டு இரண்டு கிளைகளாக எழுதுவது தவறு. நீண்ட கெடுவை மட்டும் தருவதே சரி. இந்த நியாயத்தை வாயால் விளக்கத் தெரிந்தவருக்கு அந்த வேலை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இப்படி எழுதுவதற்கு ஆராய்ச்சிப் பின்னணியும் உண்டு. 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் கேரல் என்ற ஆய்வாளர், கணினியைப் புதிதாகக் கற்பவர்களை அருகிலிருந்து கவனித்தார். அவர்கள் கையேட்டைப் பொறுமையாகப் படிக்கவில்லை. நேரே வேலையில் இறங்கினார்கள், தவறினார்கள், தவறிலிருந்து மீள்வதிலேயே நேரத்தைச் செலவிட்டார்கள். கையேட்டைச் சுருக்க வேண்டும், தவறிலிருந்து மீளும் வழியை அந்தந்தப் படியின் அருகிலேயே தர வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1990-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். இன்றும் தேர்வாளர்கள் சாம்பிளில் தேடுவது இதைத்தான்: வழி தவறியவர் திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறதா?

சாம்பிள் தேறுமா என்று அறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. அந்தச் செயலியைப் பழகாத ஒருவரிடம் தாளையும் போனையும் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் அருகில் உட்கார வேண்டும். அவர் கை எங்கே நிற்கிறது, கண் எந்த வரிக்குத் திரும்பிப் போகிறது, எதை உரக்கப் படிக்கிறார் என்று குறிக்க வேண்டும். 'அது இல்லப்பா, மேலே பாரு' என்று சொல்ல வாய் துடிக்கும் இடம்தான் தாளில் ஒரு வாக்கியம் குறையும் இடம். 'புரிந்ததா?' என்று கேட்டுப் பயனில்லை. மரியாதைக்காகப் பெரும்பாலோர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் சாம்பிளோடு இன்னொரு சிறு தாளையும் எடுத்துச் செல்லுங்கள். யாருக்காக எழுதினீர்கள், அவருக்கு முன்பே என்ன தெரியும் என்று எண்ணினீர்கள், எதையெல்லாம் விட்டீர்கள் என்று அதில் நான்கைந்து வரிகள் இருக்கட்டும். முதல் கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.