மூன்று ரீல்ஸ், ஒரு கடிதம்

சின்னாளப்பட்டியில் ஒரு சிறிய சுங்குடிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். 2025 தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முன் மூன்று ரீல்ஸ் போட முதலாளிக்கு ஆசை. போனில் எடுத்த வீடியோ இருக்கிறது, வெட்டி ஒட்டித் தர திண்டுக்கல்லில் ஓர் எடிட்டர் இருக்கிறார். "நல்லா பண்ணிக் குடுங்க தம்பி, தீபாவளிக்கு முன்னாடி வேணும்" என்று போனில் சொல்லியாயிற்று. பின்னால் வரும் மனஸ்தாபமெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு பேச்சிலிருந்துதான் கிளம்பும். நல்லா என்றால் எப்படி, முன்னாடி என்றால் எப்போது?

விவரம் தெரிந்த முதலாளி அதோடு விடமாட்டார். ஒரு பக்கக் கடிதம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அது இப்படித் தொடங்கலாம்:

"தம்பிக்கு வணக்கம். பேசியதை எழுத்தில் வைக்கிறேன். மூன்று ரீல்ஸ், ஒவ்வொன்றும் 30 நொடிக்குள், நெட்டுவாக்கில், 1080-க்கு 1920 அளவில். முதலாவதில் புது டிசைன் 12 சேலை. இரண்டாவதில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற வேலை. மூன்றாவதில் விலையும் கடைக்கு வரும் வழியும். சேலை நிறத்தை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு சேலைக்கும் பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்து ஒரு ஷாட் எடுத்திருக்கிறேன், அதைப் பார்த்துச் சரிசெய்யவும்."

அந்த வெள்ளைத் தாள்தான் இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம். டியூப்லைட் வெளிச்சத்தில் போன் கேமரா தன்னிஷ்டத்துக்கு நிறத்தைக் கூட்டிக் குறைக்கும். அதன்மேல் பளிச்சென்று தெரிய ஒரு ஃபில்டரும் போட்டால் அரக்கு ஆரஞ்சாகிவிடும். ஆர்டர் கொடுத்தவர் சேலையைத் திருப்பி அனுப்புவார். அதே வெளிச்சத்தில் எடுத்த தாள் வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு எடிட்டர் சரிசெய்தால், சேலையும் ஏறக்குறைய அதன் நிறத்துக்கு வந்துவிடும். ஏறக்குறையத்தான், பார்ப்பவரின் போன் திரையை யாரும் திருத்த முடியாது.

அடுத்து எழுத்து. "திரையில் வர வேண்டிய வரிகளை டைப் செய்து அனுப்பியிருக்கிறேன், அப்படியே எடுத்துப் போடவும். விலையை அடியில் போட வேண்டாம்." அடியில் இன்ஸ்டாகிராம் தன் கணக்குப் பெயரையும் குறிப்பையும் போட்டு மறைத்துவிடும் என்பது காரணம். தமிழ் எழுத்துக்கு இன்னொரு வம்பும் உண்டு. பிரீமியர் ப்ரோவில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் என்ஜினைத் தேர்ந்தெடுக்காவிட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். தமிழ் வாசிக்கிற ஒருவர் முழுக்கப் பார்க்காமல் வீடியோவை வெளியிடக் கூடாது.

பாட்டைப் பற்றி ஒரே வரி: சினிமாப் பாட்டு வேண்டாம். வியாபாரக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாப் பாட்டையும் தருவதில்லை. வெளியிலிருந்து ஒட்டினால் சத்தத்தை அடைத்துவிட வாய்ப்புண்டு.

கெடு விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எடிட்டருக்கு மட்டும் ஒரு தேதி குறித்துவிட்டு, தன் பங்கை மறந்துவிடுவார்கள். இந்த முதலாளி தன்னையும் கட்டிப்போடுகிறார்:

"செப்டம்பர் 20 சனிக்கிழமைக்குள் எல்லா வீடியோவும் டிரைவில் ஏற்றிவிடுகிறேன். 26 வெள்ளிக்குள் முதல் கட் வேண்டும். 28 ஞாயிறு இரவுக்குள் திருத்தம் சொல்வேன். அக்டோபர் 1, 2 ஆயுத பூஜை, விஜயதசமி. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 4-ஆம் தேதி சனி மாலை 6 மணிக்கு முடிந்த ஃபைல் வேண்டும். நான் வீடியோ தரத் தாமதமானால் அத்தனை நாள் உங்களுக்கும் தள்ளிப் போகும். திருத்தம் இரண்டு தடவை. பணம் பாதி இப்போது, மீதி ஃபைல் வந்ததும்."

டிரைவ் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோ அனுப்பினால் அது சுருங்கி, கரையின் இழை மங்கிப்போகும்.

திருத்தம் இரண்டு தடவை என்பதற்குள் எது அடங்கும்? விலை தப்பாக வந்தால் அது திருத்தம். புதிதாக வந்த சேலையைச் சேர்க்கச் சொன்னால் அது கூடுதல் வேலை, கூடுதல் பணம். வீட்டில் மனைவி ஒன்று, மகன் ஒன்று, மச்சான் ஒன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒருவரே தொகுத்து, "0:14-ல் விலை 850 என்று வர வேண்டும்" என்று நேரம் குறித்து அனுப்பினால் எடிட்டர் தேடி அலைய வேண்டியதில்லை.

கடிதத்தின் கடைசி வரி: "சரியென்றால் சரியென்றும், முடியாதது இருந்தால் அதையும் எழுதவும்." அந்தத் தம்பி வெறும் சரி போட்டால்தான் பயப்பட வேண்டும். வேலை தெரிந்தவராக இருந்தால் பதில் இப்படி வரும்: "30 நொடியில் கடைப் பெயருக்கும் விலைக்கும் 6 நொடி போனால் மிச்சம் 24. அதில் 12 சேலை என்றால் ஒன்றுக்கு 2 நொடிதான் அண்ணே, முந்தானையை விரிச்சுக் காட்டவே முடியாது. எட்டு போதும்."

எந்த நான்கைக் கழிப்பது என்பது முதலாளியின் பாடு. அதை 20-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.