பீக்கரிலிருந்து எழும் நூல்

பீக்கரில் 50 மில்லி தண்ணீர். அதில் 2.2 கிராம் ஹெக்சாமெத்திலீன்டயமின் கரைந்திருக்கிறது. 50 மில்லி சைக்ளோஹெக்சேனில் 1.5 கிராம் செபகாயில் குளோரைடைக் கரைத்து, அந்தத் தண்ணீரின் மேல் மெல்ல வழியவிடுகிறோம். கையுறை கட்டாயம், அருகில் தீ இருக்கக் கூடாது. எண்ணெய்போல் அது மேலே மிதக்கும். இரண்டும் தொடும் இடத்தில் பாலாடைபோல் வெண்படலம் படரும். இடுக்கியால் அதன் நடுவைப் பிடித்துத் தூக்கினால் கயிறாக எழும். தூக்கத் தூக்க அடியில் புதுப்படலம் உண்டாகும். டூபாண்ட் நிறுவனத்தின் பால் மார்கனும் ஸ்டெஃபனி குவோலெக்கும் 1959-இல் வெளியிட்ட செய்முறை இது.

கணக்குப் பார்த்தால், அமைன் மூன்று மடங்கு அதிகம். ஒரே கரைசலில் இப்படிச் சேர்த்தால் எல்லா முனைகளிலும் அமைனே நின்றுவிடும், சங்கிலி குட்டையாகும். இங்கே வினை எல்லையில் மட்டுமே நடக்கிறது. அங்கே வந்து சேரும் மூலக்கூறு, எதிரே காத்திருக்கும் முனையோடு உடனே பிணைந்துவிடுகிறது. அதனால் அளவு சமமாக இல்லாமலே சங்கிலி நீள்கிறது. மிச்ச அமைன், வினையில் வெளிவரும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஏற்றுக்கொள்கிறது.

படலம் கயிறாக வராமல் பொடிப்பொடியாக உதிர்ந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது குளோரைடு பாட்டிலைத்தான். ஈரம் புகுந்தால் அது அமிலமாக மாறும். இந்தக் குளிர்ந்த பீக்கரில் அந்த அமில முனை அமைனோடு பிணையாது, சங்கிலி அங்கேயே நிற்கும்.

நீளத்துக்கும் வலிமைக்கும் என்ன தொடர்பு? நூலுக்குள் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கவில்லை. பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு பிடியும் பலவீனமானது. நீளமான சங்கிலிக்குப் பிடிகள் ஏராளம். குட்டைச் சங்கிலி வழுக்கி வெளியேறிவிடும். மூலக்கூறு எடை ஏறக்குறைய 10,000-ஐத் தொட்டால்தான் நல்ல இழை கிடைக்கிறது என்று 1930-களில் வாலஸ் கரோதர்ஸின் குழு பாலியெஸ்டர்களில் கண்டது. நமது நைலானில் ஓர் அலகின் எடை 282. அப்படியென்றால் சுமார் 35 அலகுகள். மிக நீண்ட சங்கிலிகளில் வலிமை அதிகம் ஏறாது. உருகிய குழம்புதான் மேலும் கெட்டியாகி, நூற்கக் கடினமாகும்.

இதைச் சோதிக்க இரண்டாவது பீக்கர் வேண்டும். அதன் மேல் கரைசலில் சிறிது பென்சாயில் குளோரைடு சேர்க்கிறோம். அதற்கு ஒரே கை. பிடித்த முனையை மூடிவிடும்.

ஈரக் கயிற்றில் எடை கட்டி ஒப்பிடுவது தவறு. அது கரைசலை உள்ளடக்கிய குழாய், தடிமனும் சீரில்லை. இரண்டையும் நன்றாகக் கழுவி, முழுக்க உலர்த்தி, சுமார் 220 டிகிரியில் உருக்கி, கண்ணாடிக் கம்பியால் இழை எடுக்க வேண்டும். அறுக்கும் எடையை, ஒரு மீட்டர் இழையின் எடையால் வகுத்தால் நியாயமான ஒப்பீடு கிடைக்கும். சங்கிலி நீளத்தை அறிய, ஆசிரியர் நைலானை மெட்டா-கிரெசாலில் கரைத்து, அது ஆஸ்ட்வால்ட் குழாயில் இறங்கும் நேரத்தைக் குறிப்பார். நீண்ட சங்கிலி மெதுவாக இறங்கும்.

ஆறிய இழையை விரல்களால் மெல்ல இழுத்தாலே வேறுபாடு தெரியும். குட்டைச் சங்கிலி இழை பட்டென்று ஒடியும். நீண்டதில் ஓரிடம் கழுத்துபோல் மெலிந்து, அந்த மெலிவு இழை முழுவதும் பரவும். நூல் பல மடங்கு நீண்ட பிறகும் விரல்களுக்கு நடுவே விறைப்பாக நிற்கும்.