உண்மையே ஆனாலும் எழுதக் கூடாத பதில்

2015 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒருவர், தான் போய்வந்த பல் மருத்துவமனையைக் குறை சொல்லி கூகுளில் ஒரு ரிவ்யூ எழுதினார். அதில் சொந்தப் பெயரைப் போடாமல் புனைபெயரில்தான் எழுதியிருந்தார். மருத்துவமனையும் பதில் போட்டது. பதிலில் அவருடைய முழுப் பெயர் இருந்தது. எத்தனை முறை வந்தார், என்ன தொந்தரவு என்று வந்தார் என்பதும் இருந்தது. அவர் புகார் செய்தார். அமெரிக்க சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் விசாரித்து, அந்த மருத்துவமனைக்கு 50,000 டாலர் அபராதம் விதித்ததை 2022-ல் அறிவித்தது.

இது ஒரே ஒரு சம்பவம் என்று ஒதுக்கிவிட முடியாது. டல்லாஸ் நகரில் ஒரு பல் மருத்துவமனை, யெல்ப் தளத்தில் போட்ட பதிலில் ஒரு நோயாளியின் குடும்பப் பெயரையும் உடல்நிலை விவரத்தையும் எழுதியதற்காக 2019-ல் 10,000 டாலர் கட்டியது. நியூ ஜெர்சியில் ஒரு மனநல மருத்துவமனை, ரிவ்யூவுக்கு எழுதிய பதிலில் நோயாளியின் மனநோய் பற்றியும் அதற்கான சிகிச்சை பற்றியும் குறிப்பிட்டது. அதற்கு 2023-ல் 30,000 டாலர். இந்த வழக்குகளில் எதிலும் மருத்துவர் சொன்னது உண்மையா, நோயாளி சொன்னது உண்மையா என்பது கேள்வியே இல்லை. நோயாளியின் அனுமதி இல்லாமல் அவருடைய மருத்துவ விவரம் வெளியே வந்ததா என்றுதான் பார்த்தார்கள். அங்கே இதற்கான சட்டம் 1996-ல் வந்த ஹிப்பா.

நம் ஊரில் இதெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 7.14 என்று ஒரு விதி இருக்கிறது. தொழில் வழியாகத் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்கிறது அது. விலக்குகள் மூன்றுதான்: நீதிமன்றத்தில் நீதிபதி உத்தரவிட்டால் சொல்லலாம், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால் சொல்லலாம், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய தொற்றுநோயாக இருந்தால் சொல்லலாம். ‘நோயாளியே முதலில் ஊரறியச் சொல்லிவிட்டார்’ என்ற விலக்கு அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அவரே எழுதிவிட்டாரே, நான் சொல்வதில் என்ன ரகசியம் என்று கேட்கிறார்கள். தன் உடம்பைப் பற்றி யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது நோயாளியின் உரிமை. அதில் அவர் கொஞ்சத்தைப் பயன்படுத்திக்கொண்டதால் மிச்சம் மருத்துவர் கைக்கு வந்துவிடாது.

ஓர் உதாரணத்தை வைத்து இதைப் பார்க்கலாம். நடுத்தர அளவு ஊர் ஒன்றில் ஒரு தோல் மருத்துவ கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் ஒற்றை ஸ்டாருடன் ஒரு ரிவ்யூ வருகிறது: “முகத்தழும்புக்கு நாலு சிட்டிங் லேசர். 20,000 ரூபாய் போச்சு. கறுப்பு அதிகமானதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம் உட்கார வச்சாங்க. போன் பண்ணினா யாரும் எடுக்கிறதில்லை.”

டாக்டர் ஃபைலை எடுத்துப் பார்க்கிறார். லேசர் செய்தபின் வெயில் படாமல் இருக்க வேண்டும், சன்ஸ்கிரீன் தடவ வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. இரண்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு அந்தப் பெண் வரவே இல்லை. பருவுக்குக் காரணமான பிசிஓடிக்குக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். லேசருக்குப் பிறகு வெயிலில் அலைந்தால் தோல் கறுப்பது உண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ஆக, டாக்டர் பக்கம் நியாயம் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அவர் தட்டச்சு செய்கிறார்: “சன்ஸ்கிரீன் போடாமல் வெயிலில் சுற்றினால் கறுக்கத்தான் செய்யும். பிசிஓடி மாத்திரையை நிறுத்தியது நீங்கள். இரண்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு வராமல் இருந்துவிட்டு எங்களைக் குறை சொல்வது சரியா?”

இந்த மூன்று வரியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண் தழும்பைப் பற்றி எழுதினாரே தவிர, பிசிஓடி பற்றி எழுதவில்லை. அவருக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம். கல்யாணமாகிக் குழந்தை இல்லாமல் மாமியார் வீட்டில் பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த ஊரில் அவருடைய பெயரும் புகைப்படமும் ரிவ்யூவின் மேலேயே இருக்கின்றன. அந்த ஒரு சொல் அவர் வீட்டில் என்ன செய்யும் என்று டாக்டருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது.

சரி, கோபத்தை விட்டுவிட்டுப் பணிவாக எழுதினால்? “அன்புள்ள மேடம், எங்களிடம் நீங்கள் பெற்ற சிகிச்சை திருப்தி தராததற்கு வருந்துகிறோம். உங்கள் ஃபைலைப் பார்த்தோம்...” பார்வைக்கு இது நல்ல பதில். ஆனாலும் தவறுதான். இந்த நபர் எங்கள் நோயாளி என்று கிளினிக் தன் வாயால் உறுதிசெய்துவிட்டது. அந்தப் பெண் சொன்னவரை அது அவருடைய பேச்சு. கிளினிக் ஆமாம் என்றதும் அதற்குச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. தோல் கிளினிக்கில் இது சின்ன விஷயமாகப் படலாம். மனநல மருத்துவமனை, குழந்தைப்பேறு மையம், குடிநோய் சிகிச்சை மையம் என்று வைத்துப் பார்த்தால், ‘இவர் எங்களிடம் வந்தார்’ என்ற ஒரு வரியே முழு ரகசியம் என்பது புரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் வீடுகளில் அம்மாவுக்காக மகன் எழுதுவார், மனைவிக்காகக் கணவர் எழுதுவார், ஒரே ஜிமெயில் கணக்கை வீடே பயன்படுத்தும். ரிவ்யூவின் மேல் இருக்கும் பெயர் நோயாளியின் பெயர்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கணவருக்கே தெரியாத ஒன்றை, மனைவியிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கணவரின் கணக்குக்குக் கிளினிக் எழுதிவிடக்கூடும்.

‘இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் சிகிச்சை பெறவில்லை’ என்று மறுத்து எழுதுவது பலருக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. போலி ரிவ்யூ என்று சந்தேகம் வந்தால் இப்படி எழுதும் கிளினிக்குகள் உண்டு. வராதவரை ‘வரவில்லை’ என்று சொல்லும் பழக்கம் இருந்தால், அப்படிச் சொல்லாத பதில்களுக்கெல்லாம் ‘வந்தார்’ என்று பொருளாகிவிடும். அதனால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் போட வேண்டும். போலி என்று நம்பினால் அதை கூகுளிடம் புகாராகத் தனியே அனுப்பலாம். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் கூகுள் எதையும் நீக்காது. போலி, வசைச்சொல், தொடர்பில்லாத விஷயம் போன்ற விதிமீறல் இருந்தால் பரிசீலிக்கும்.

அப்படியானால் என்னதான் எழுதுவது? நோயாளியைப் பற்றி எதுவும் சொல்லாமல் கிளினிக்கைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். நம் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம். எங்களிடம் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை நாங்கள் பொதுவில் சொல்வதில்லை; எல்லா நோயாளிகளுக்கும் இதுதான் எங்கள் வழக்கம். காத்திருக்கும் நேரம் பற்றியும் போன் எடுக்காதது பற்றியும் எழுதியதைப் படித்தோம். மாலை 6 முதல் 8 மணிவரை கூட்டம் அதிகமாக இருக்கிறது. அந்த நேரத்தில் போன் எடுக்க மட்டும் ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். சிகிச்சை பற்றி யாருக்குக் குறை இருந்தாலும் கிளினிக் எண்ணில் காலை 10 முதல் 1 மணிக்குள் அழைத்து மேலாளரிடம் பேசலாம். நேரில் வந்தால் டாக்டரே பேசுவார். சிகிச்சைப் பதிவுகளின் நகலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.”

இதில் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ‘உங்கள் சிகிச்சை’ என்று இல்லை. ‘யாருக்குக் குறை இருந்தாலும்’ என்று இருக்கிறது. லேசரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. லேசருக்குப் பின் தோல் ஏன் கறுக்கும் என்று பொதுவாக விளக்கலாமே என்று தோன்றும். ஆனால் இந்த ரிவ்யூவின் கீழே அதை எழுதினால், இவர் சன்ஸ்கிரீன் போடவில்லை என்று மறைமுகமாகச் சொன்னதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்த விளக்கத்துக்கு இடம் கிளினிக்கின் சுவரும், நோயாளி கையில் கொடுக்கும் தாளும்தான். காத்திருப்பு, போன் இரண்டும் கிளினிக்கின் சொந்த விஷயங்கள். அவற்றைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். ஒரே நிபந்தனை, போனுக்கு ஆள் போட்டிருக்கிறோம் என்றால் நிஜமாகவே போட்டிருக்க வேண்டும். பதிவுகளின் நகலும் சலுகை இல்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன.

மருத்துவருக்கு இது கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். அந்த வருத்தம் நியாயமானது. ஒரு தரப்பு மட்டுமே பேசக்கூடிய சண்டை இது. ஆனால் அந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் அந்த கிளினிக்குக்குப் போகாதவர்கள். டாக்டர் வாதத்தில் ஜெயித்தாரா என்பதைவிட, நாளைக்கு நாம் சண்டை போட்டால் நம் விஷயத்தையும் இப்படிப் போட்டு உடைப்பாரா என்பதுதான் அவர்கள் மனதில் ஓடும்.

பல கிளினிக்குகளில் பதிலை டாக்டர் எழுதுவதே இல்லை. ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணோ, மாதச் சம்பளத்துக்குப் பிடித்த டிஜிட்டல் மார்க்கெட்டிங் பையனோ எழுதுகிறார்கள். அவர்கள் கையில் நோயாளி ஃபைல் போகவே கூடாது. பதில் எழுத அது தேவையும் இல்லை. குறை சொல்லும் ரிவ்யூவுக்காவது பயந்து யோசித்து எழுதுவார்கள். பாராட்டுக்கு எழுதும்போது யாருக்கும் பயம் இருப்பதில்லை. குழந்தைப்பேறு மையத்துக்கு ஐந்து ஸ்டார் போட்டு “டாக்டர் ரொம்ப அன்பானவர்” என்று மட்டும் ஒருவர் எழுத, “மூன்றாவது முயற்சியில் இரட்டைக் குழந்தை கிடைத்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சி!” என்று மையம் பதில் போட்டால், அதுவும் அதே விதிமீறல்தான்.

பிறகு அந்தப் பெண் போனில் வந்தால், பேசுவது அவர்தானா என்று உறுதி செய்துகொண்டுதான் ஃபைலைத் திறக்க வேண்டும். கணவரோ அண்ணனோ பேசினால், “அவங்களையே பேசச் சொல்லுங்க சார், இல்லைன்னா அவங்க சம்மதத்தோட நேர்ல வாங்க” என்று சொல்லத் தெரிந்தவர் ரிசீவரை எடுக்க வேண்டும். பணம் திருப்பித் தருவது என்று முடிவானால் கொடுக்கலாம். ஆனால் ‘ரிவ்யூவை எடுத்தால்தான் பணம்’ என்று பேரம் பேசுவது கூகுள் விதிக்கே எதிரானது. பிரச்சினை தீர்ந்ததைப் பொதுவில் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். அவரே தன் ரிவ்யூவைத் திருத்திக்கொள்ளலாம்.

தவறான பதிலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால், அதைத் திருத்தி மழுப்புவதைவிட உடனே நீக்குவது நல்லது. நீக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம் என்பதால், என்ன வெளியானது, எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, டாக்டரே அந்த நோயாளியை அழைத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் தெரிந்துகொள்வதற்கு முன்னால் அந்த அழைப்பு போய்ச்சேர வேண்டும்.