கூரை உத்திரத்தின் நுனி ஏறுமா, இறங்குமா?

பாரம் ஏறிய உத்திரத்தின் ஏதாவது ஒரு புள்ளி எவ்வளவு நகரும் என்று கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் கையாளும் வழிகளில் அலகுப் பாரமுறை மிகவும் பழையது, இன்றும் புழக்கத்தில் இருப்பது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1864-இல் சட்டகங்களுக்காக இதன் கருவை எழுதினார். ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ மோர் 1874-இல் தனியாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதனால் இதற்கு மேக்ஸ்வெல்-மோர் முறை என்ற பெயரும் உண்டு. நகர்வு எங்கே வேண்டுமோ அங்கே, எந்தத் திசையில் வேண்டுமோ அந்தத் திசையில், கற்பனையாக ஓர் அலகுப் பாரத்தை வைக்க வேண்டும். உண்மையான பாரம் உண்டாக்கும் வளைவுத் திருப்புத்திறன் படம் ஒன்று, அலகுப் பாரம் உண்டாக்கும் படம் இன்னொன்று. இரண்டையும் புள்ளிக்குப் புள்ளி பெருக்கி, நீளம் முழுவதும் கூட்டி, உத்திரத்தின் விறைப்பால் வகுத்தால் நகர்வு கிடைத்துவிடும்:

δ = ∫ M·m dx / EI

இதில் M உண்மையான திருப்புத்திறன், m அலகுப் பாரத்தின் திருப்புத்திறன். E என்பது பொருளின் யங் குணகம். I என்பது குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன்.

இல்லாத பாரம் ஒன்று உண்மையான நகர்வை எப்படிச் சொல்ல முடியும்? உத்திரத்தில் ஒரே ஒரு சின்னத் துண்டு மட்டும் வளைவதாகவும், மற்ற பாகமெல்லாம் கல்லைப்போல விறைப்பாக இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். அந்தத் துண்டில் M dx/EI அளவுக்கு ஒரு சிறு கோணம் விழும். அந்த ஒடிவால் நமக்கு வேண்டிய புள்ளி எவ்வளவு நகரும் என்பது வெறும் வடிவகணிதம். அதற்கான பெருக்கு எண்தான் m. அதாவது m என்பது, அந்த இடத்துக் கோணம் தூரத்துப் புள்ளியை எவ்வளவு அசைக்கும் என்பதன் அளவு. எல்லாத் துண்டுகளின் பங்கையும் கூட்டினால் மேலே உள்ள தொகையீடு வந்துவிடுகிறது.

தொகையீடு என்றதும் நுண்கணிதம் அஞ்சத் தேவையில்லை. அலகுப் பாரம் ஒற்றைப் புள்ளியில் நிற்பதால் m படம் எப்போதும் நேர்கோட்டுத் துண்டுகளால் ஆனது. M படமும் பெரும்பாலும் செவ்வகம், முக்கோணம், பரவளையம் என்ற சில வடிவங்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு சோடிக்கும் ஒரு முறை தொகையிட்டு விடையை அட்டவணையாக எழுதி வைத்தால் போதும். விடை எப்போதும் ஒரே வடிவில் வரும்: ஒரு பின்னம், பெருக்கல் நீளம், பெருக்கல் முதல் படத்தின் உச்ச அளவு, பெருக்கல் இரண்டாவது படத்தின் உச்ச அளவு. இரண்டு செவ்வகங்களுக்குப் பின்னம் 1, செவ்வகத்துக்கும் முக்கோணத்துக்கும் 1/2. ஒரே முனையில் உயரும் இரண்டு முக்கோணங்களுக்கு 1/3, எதிரெதிர் முனைகளில் உயர்ந்தால் 1/6.

அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1920-களில் சோவியத் நாட்டில் வெரெஷாகின் என்ற பொறியியல் மாணவர் இதற்கு ஒரு குறுக்குவழி சொன்னார். ஒரு படம் நேர்கோடாக இருந்தால், மற்றப் படத்தின் பரப்பளவை, அதன் மையப்புள்ளிக்கு நேரே நேர்கோட்டுப் படத்தின் உயரத்தால் பெருக்கினால் போதும். முக்கோணத்தின் பரப்பு 1/2, அதன் மையம் கூர்முனையிலிருந்து 2/3 தூரத்தில், பெருக்கினால் 1/3. மேலே சொன்ன பின்னம் அதுவே. அட்டவணை கையில் இல்லாத இடத்தில் இந்த விதி காப்பாற்றும். பார்த்து எழுதிய பின்னத்தைச் சரிபார்க்கவும் உதவும்.

ஒரு கூரையை எடுத்துக்கொள்வோம். A, B என்ற இரண்டு தூண்களுக்கு இடையே 6 மீட்டர் நீளம். B-ஐத் தாண்டி வெளியே C வரை 2 மீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது. இந்தியச் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஐ.எஸ்.எம்.பி. 250 எஃகு உத்திரம், முழு நீளத்துக்கும் மீட்டருக்கு 10 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒரு டன் பாரம். C நுனி எவ்வளவு இறங்கும் என்பது கேள்வி.

நுனியில் கீழ்நோக்கி அலகுப் பாரம் வைத்தால் m படம் எளிது. A-யில் பூச்சியம், அங்கிருந்து நேர்கோடாக B வரை வளர்ந்து 2, B-யிலிருந்து C-க்குள் மறுபடி பூச்சியம். இரண்டு முக்கோணங்கள். உத்திரத்தின் மேற்பக்கம் இழுபடுவதால் இரண்டுக்கும் மைனஸ் குறி. அடிப்பக்கம் இழுபட்டால் பிளஸ் என்று வைத்துக்கொள்கிறோம்.

M படம் கொஞ்சம் சிக்கல். AB பகுதியில் அது பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மாறும் வளைகோடு. அந்த வடிவம் அட்டவணையில் கிடையாது. இங்கேதான் இந்த வேலையின் மிகப் பயனுள்ள பழக்கம் வருகிறது: படத்தை அப்படியே பெருக்க முயலாமல், பாரம் வாரியாகப் பிரித்து, அடையாளம் தெரிந்த வடிவங்களாக உடைப்பது. துருத்திய பகுதியின் பாரம் B-யில் 10 × 2 × 1 = 20 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் தரும். அது மைனஸ். AB-யில் அது முக்கோணமாகப் படர்கிறது. AB மேல் உள்ள பாரம் தனியாக 10 × 6²/8 = 45 உயரமுள்ள பிளஸ் பரவளையம் தரும். BC-யில் C-யில் பூச்சியத்தில் தொடங்கி B-யில் 20 வரை உயரும் குழிந்த பரவளையம்.

இப்போது பெருக்கல். AB-யின் முக்கோணம் முக்கோணத்தோடு: 1/3 × 6 × 20 × 2 = 80. இரண்டும் மைனஸ் என்பதால் விடை பிளஸ். AB-யின் பரவளையம் முக்கோணத்தோடு: பரவளையத்தின் பரப்பு 2/3, அதன் மையம் நடுவில், அங்கே m பாதி உயரம், ஆகவே பின்னம் மறுபடி 1/3. 1/3 × 6 × 45 × 2 = 180. குறிகள் வேறுபடுவதால் விடை மைனஸ். BC-யில் குழிந்த பரவளையத்தின் பரப்பு 1/3, மையம் நுனியிலிருந்து 3/4 தூரத்தில்; பின்னம் 1/4. 1/4 × 2 × 20 × 2 = 20, பிளஸ். கூட்டினால் 80 − 180 + 20 = −80.

மைனஸ் விடை வந்தால் கணக்கு தப்பு என்று அடித்துவிடக் கூடாது. நுனி, நாம் அலகுப் பாரம் வைத்த திசைக்கு எதிராக நகர்கிறது என்பதே அதன் பொருள். இந்த உத்திரத்தின் நுனி ஏறுகிறது. E 200 கிகாபாஸ்கல், I 5131 செ.மீ.⁴ என்றால் EI சுமார் 10,260 கிலோநியூட்டன்-மீ². 80-ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர் மேலே. AB-யின் நடுப்பகுதி தொய்யும்போது B-யின் மேல் உத்திரம் சாய்ந்து நுனியைத் தூக்கிவிடுகிறது.

உடைத்துப் பெருக்கியதால் இன்னொன்றும் தெரிகிறது. எந்தப் பாரம் எவ்வளவு பங்கு தந்தது என்பது தனித்தனியாகக் கையில் இருக்கிறது. AB-யின் மேல் பாரம் இல்லாமல் துருத்திய பகுதியில் மட்டும் இருந்தால் மைனஸ் 180 விழுந்துவிடும். நுனி 100/10,260, அதாவது 9.7 மில்லிமீட்டர் இறங்கும். ஆகவே கூரையில் தண்ணீர் வடியும் சரிவை முடிவு செய்கிறவர், எல்லா இடத்திலும் பாரம் இருக்கும் நிலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவார். பாரம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து நுனியின் திசையே மாறுகிறது.

அதிகம் தவறு நடப்பது பரவளையத்தில்தான். BC-யின் படம் நுனியில் தட்டையாகத் தொடங்கி B பக்கம் செங்குத்தாகிறது, அதற்கு 1/4. அதே மாதிரி பூச்சியத்திலிருந்து உயர்ந்தாலும், உயரமான முனையில் தட்டையாக முடியும் பரவளையத்துக்குப் பின்னம் 5/12. தவறிப் போட்டால் 20 என்பது 33 ஆகிவிடும். எந்த முனையில் படம் தட்டையாகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்: வெட்டுவிசை பூச்சியமாகும் முனை அது.

இரண்டாவது தவறு, m படத்தில் நடுவே ஒடிவு இருக்கும்போது நிகழ்வது. இரண்டு முனைகளிலும் தாங்கப்பட்ட, சீரான பாரம் ஏறிய உத்திரத்தின் நடுப்புள்ளித் தொய்வு இதற்குச் சரியான சோதனை. அங்கே m நடுவில் L/4 உயரமுள்ள கூடாரம். பரவளையத்தை அதனோடு 1/3 என்று பெருக்குகிறவர்கள் உண்டு. அது 4wL⁴/384EI என்று வரும். ஒடிவு இருக்கும் இடத்தில் வெட்டி, பாதி பாதியாகப் பெருக்க வேண்டும். அப்போது பின்னம் 5/12 ஆகி, எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் 5wL⁴/384EI கிடைக்கும்.

முறை எதை விட்டுவிடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டுவிசையால் வரும் உருமாற்றத்தை இந்தச் சூத்திரம் கணக்கில் கொள்வதில்லை. நம் உத்திரத்தின் நீளம் ஆழத்தைப்போல 24 மடங்கு இருப்பதால் அது சிறிது. குட்டையான, ஆழமான உத்திரங்களில் அப்படி விட்டுவிட முடியாது. EI மாறுகிற இடத்திலெல்லாம் தொகையீட்டை வெட்ட வேண்டும். கான்கிரீட் உத்திரம் என்றால் விரிசல் விட்டதும் I குறைகிறது. பாரம் நிலைத்து நின்றால் ஆண்டுகள் போகப் போகத் தொய்வு வளர்கிறது. முழு வெட்டுமுகத்தின் I-ஐப் போட்டுக் கணக்கிட்ட மில்லிமீட்டரை அங்கே நம்பக் கூடாது.

இதே பெருக்கல், விசைகளைச் சமன்பாடுகளால் மட்டும் தீர்க்க முடியாத உத்திரங்களுக்கும் போதும். C-க்குக் கீழே ஒரு தூண் வைத்து, நுனி அசையாதபடி பிடித்தால் அந்தத் தூணில் எவ்வளவு விசை வரும்? m-ஐ அதே m-ஆல் பெருக்க வேண்டும்: 1/3 × 6 × 2 × 2 = 8, 1/3 × 2 × 2 × 2 = 2.67, மொத்தம் 10.67. ஓர் அலகு விசை நுனியை இவ்வளவு இறக்கும். ஏற்கெனவே 80 ஏறிய நுனியைத் திருப்பிக் கொண்டுவர 80/10.67 = 7.5 கிலோநியூட்டன் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அதாவது அந்தத் தூண் உத்திரத்தைத் தாங்காது. கீழே இழுத்துப் பிடிக்கும். உத்திரத்தைத் தூணின் மேல் சும்மா வைத்தால் போதாது. மேலே உத்திரத்தோடும் கீழே அடித்தளத்தோடும் போல்ட்டுகளால் பிணைத்திருக்க வேண்டும்.