காபிப் பொடிச் சீட்டு சொல்வதும் சொல்லாததும்

காபி அரைக்கும் கடையில் பொட்டலத்தின் மேல் பெரும்பாலும் ஒரு வரிதான் எழுதப்படுகிறது: ‘பீபெரி 70, பிளான்டேஷன் 30, சிக்கரி 20, மீடியம், ஃபில்டர்.’ கொட்டை, கலவை, வறுவல், அரைப்பு எல்லாமே அதில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அடுத்த மாதம் வேறொரு கடையில் அதே வரியைக் காட்டி வாங்கினால் அதே காபி கிடைப்பதில்லை.

முதல் சிக்கல் பீபெரி. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள், தட்டையான முகம் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டுமே வளர்ந்து உருண்டையாகிவிடும், அதுவே பீபெரி. ஆக அந்தப் பெயர் வடிவத்தைச் சொல்கிறது, இனத்தை அல்ல. அராபிகாவிலும் பீபெரி உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. ரோபஸ்டாவில் கசப்பும் கெட்டித்தன்மையும் கூடுதல். கஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு. விலையும் பொதுவாகக் குறைவு. ‘பீபெரி’ என்று மட்டும் எழுதிய சீட்டு எதை விற்கிறது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது.

‘பிளான்டேஷன்’ அப்படியல்ல. இந்தியக் காபி வணிகத்தில் அது தோலும் சதையும் நீக்கி, கழுவி உலர்த்திய அராபிகாவை மட்டுமே குறிக்கும். கழுவிய ரோபஸ்டாவுக்குப் பெயர் பார்ச்மென்ட். பழத்தை முழுதாகவே வெயிலில் உலர்த்தி எடுத்தால், எந்த இனமானாலும் அது செர்ரி. பிளான்டேஷனுக்குப் பின்னால் வரும் ஏ, பி, சி என்ற எழுத்துகள் முக்கியமாகச் சல்லடையில் பிரித்த அளவைக் காட்டுகின்றன. ‘ஏ’ என்பதாலேயே ருசி உயர்ந்துவிடாது.

சிக்கரியின் கணக்கில்தான் குழப்பம் அதிகம். அரைக் கிலோ காபி கேட்பவர் ‘நூறு சிக்கரி’ என்கிறார். 400 கிராம் கொட்டையோடு 100 கிராம் சிக்கரி சேர்த்து அரைக் கிலோவாகக் கொடுத்தால் அது 20 சதவீதம். 500 கிராம் கொட்டைக்கு மேல் 100 கிராம் சேர்த்தால் பொட்டலம் 600 கிராம் நிற்கும், சிக்கரி 17 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ‘காபி 80, சிக்கரி 20’ என்று இரண்டு எண்களையும் எழுதினால் இந்தச் சந்தேகமே எழாது. சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குளிர்ந்த தண்ணீரின் மேல் ஒரு சிட்டிகை பொடியைத் தூவினால் காபி சற்று நேரம் மிதக்கும்; சிக்கரி பழுப்புக் கோடு இழுத்தபடி சீக்கிரம் அமிழும். சிக்கரி உண்டா இல்லையா என்பதை இது காட்டும். எவ்வளவு என்பதைக் காட்டாது.

ஊர்ப் பெயரையும் கவனமாகவே படிக்க வேண்டும். கூர்க்கில் அராபிகாவைவிட ரோபஸ்டாவே அதிகம் விளைகிறது. ‘கூர்க் காபி’ என்பது எதுவாகவும் இருக்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்றவை ‘கூர்க் அராபிகா’, ‘வயநாடு ரோபஸ்டா’ என்று இனத்தையும் சேர்த்தே பெயர் பெற்றுள்ளன. கும்பகோணம் டிகிரி காபியில் வரும் ஊரோ காபி விளையும் இடமே அல்ல. அது தயாரிக்கும் முறைக்கான பெயர்.

வறுவலில் ‘மீடியம்’ என்பது கடைக்குக் கடை மாறும். அரைப்பதற்கு முன் கொட்டையைப் பார்ப்பதே நம்பகமான வழி. இளம்பழுப்பும் உலர்ந்த மேற்பரப்பும் இருந்தால் வறுவல் குறைவு, புளிப்பு தெரியும். கருத்து, எண்ணெய் மினுமினுத்தால் வறுவல் அதிகம், கரிந்த கசப்பு முன்னால் வரும். பால் சேர்க்கும் ஃபில்டர் காபிக்கு இரண்டுக்கும் நடுவே, எண்ணெய் கசியாத அடர்பழுப்பு பொருந்தும். வறுவலின் பெயரைவிட வறுத்த தேதி உபயோகமானது. ஆனால் அதைச் சீட்டில் காண்பது அரிது.

அரைப்பு சரியா என்பதை ஃபில்டரே சொல்லிவிடும். விரலில் தேய்த்தால் மாவுபோல் வழுக்காமல், லேசாக நறநறக்க வேண்டும். மேல் பாத்திரத்தில் மூன்று கரண்டி குவித்துப் போட்டு, லேசாக அழுத்தி, கொதி அடங்கிய வெந்நீர் ஊற்றினால் கால் மணி, இருபது நிமிடத்தில் டிகாஷன் சொட்டி முடியும். ஐந்து நிமிடத்தில் இறங்கி, நிறம் வெளிறியிருந்தால் பொடி கரகரப்பு. அரை மணியாகியும் மேலே தண்ணீர் நின்றால் பொடி மிக நைஸ், அல்லது அழுத்தியது அதிகம். சிக்கரி கூடினாலும் சொட்டுவது தாமதமாகும். ஆகவே கலவையை மாற்றும்போது அரைப்பையும் ஒரு படி கரகரப்பாக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை கடையில் இப்படி எழுதிக் கேட்கலாம்: ‘அராபிகா பீபெரி 50, பிளான்டேஷன் ஏ 30, சிக்கரி 20, மொத்தம் 500 கிராம், எண்ணெய் கசியாத வறுவல், பித்தளை ஃபில்டருக்கு, வறுத்த தேதி போடவும்.’