உடைந்தது சரி, உடைத்தது யார்?

"மாமா, 200 உடைஞ்சிருச்சு. போட்டுரலாமா?"

காலை பத்தே முக்காலுக்கு அக்கா மகனிடமிருந்து போன். ஆறு வாரமாக ஒரு பங்கின் மேல் கண்ணாக இருந்தான். 184 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் நடுவே அது ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. மூன்று முறை 200-ஐத் தொட்டுவிட்டுக் கீழே திரும்பியிருந்தது. அன்று காலை 203. "வால்யூம் எவ்வளவுடா?" என்று கேட்டேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை.

பல நாள் தாண்ட முடியாத ஒரு விலையை ஒரு பங்கு தாண்டுவதைச் சந்தையில் 'பிரேக்அவுட்' என்கிறார்கள். அந்த 200 ரூபாயில் ஏன் தடை இருக்கிறது என்று யோசித்தால் வால்யூமின் வேலை புரிந்துவிடும். முன்பு 200-இல் வாங்கி மாட்டிக்கொண்டவர், 'போட்ட காசு வந்தால் போதும்' என்று அங்கே விற்கக் காத்திருப்பார். 184-இல் வாங்கியவர், போன தடவை 200-இல் விற்காமல் ஏமாந்ததை நினைத்து, இந்த முறை விற்றுவிடுவார். இத்தனை பேருடைய சரக்கையும் யாராவது வாங்கித் தீர்த்தால்தான் விலை மேலே போய் அங்கேயே நிற்கும். அப்படித் தீர்த்தால் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை பெருகியே ஆகவேண்டும். அந்த எண்ணிக்கைதான் வால்யூம்.

எண்ணிக்கை பெருகாமலே விலை தாண்டினால் சந்தேகப்படவேண்டும். விற்பவர்கள் இன்னும் இரண்டு ரூபாய் மேலே காத்திருக்கலாம். அல்லது, '200 தாண்டினால் வாங்கு' என்று பலர் முன்கூட்டியே போட்டுவைத்த ஆர்டர்கள் ஒரே நேரத்தில் நிறைவேறி விலையைக் கொஞ்சம் உந்திவிட்டிருக்கலாம். அந்த ஆர்டர்கள் தீர்ந்ததும் உந்த ஆள் இருக்காது.

வால்யூம் அதிகமா குறைவா என்பதை அந்தப் பங்கின் பழக்கத்தை வைத்துத்தான் சொல்லவேண்டும். கடந்த 20 நாள் சராசரியோடு ஒப்பிடுவது வழக்கம். சராசரி 5 லட்சம் பங்கு என்றால், தடையை உடைக்கும் நாளில் எட்டு, பத்து லட்சமாவது இருக்கவேண்டும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்பதெல்லாம் அனுபவக் கணக்குதான்; சட்டமில்லை. இதில் புதியவர்கள் தவறுவது நேரத்தில். காலை பத்தே முக்காலுக்குத் தெரியும் வால்யூமை முழுநாள் சராசரியோடு ஒப்பிட்டால் எப்போதும் குறைவாகவே தெரியும். முதல் ஒரு மணி நேரத்தில் வியாபாரம் வழக்கமாகவே சூடாக இருப்பதால், அதை அப்படியே நாள் முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால் பிரமாதமாகத் தெரியும். இரண்டும் பொய். மாலை மூன்றரைக்குச் சந்தை மூடிய பிறகு பார்ப்பதே நேர்மையான கணக்கு.

ஆனால் ஒரே ஒரு நாளின் வால்யூம், அந்த நாளைப் பற்றி மட்டும்தான் சொல்லும். அதற்கு முந்தைய ஆறு வாரத்தில், விலை ஊஞ்சலாடிய காலத்தில், யார் கை ஓங்கியிருந்தது? அதைக் காட்டத்தான் ஓ.பி.வி. என்ற கோடு இருக்கிறது. 'ஆன்-பேலன்ஸ் வால்யூம்' என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் ஜோசப் கிரான்வில் 1963-இல் எழுதிய புத்தகம் அதைப் பரப்பியது. கணக்கு, மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டைவிட எளிது. இன்றைய மூடும் விலை நேற்றையதைவிட அதிகமென்றால் இன்றைய வால்யூம் முழுவதையும் கூட்டு, குறைவென்றால் முழுவதையும் கழி, சமமென்றால் விட்டுவிடு. தொடங்கும் எண் எதுவாகவும் இருக்கலாம், அதற்கு அர்த்தமில்லை. கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்குத்தான் அர்த்தம்.

இரண்டு பங்குகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளங்குவதற்காக நானே போட்டவை. இரண்டும் 200-க்குக் கீழே ஆடுகின்றன. இரண்டுக்கும் அந்த வாரம் மூடும் விலை ஒன்றே: திங்கள் 190, செவ்வாய் 194, புதன் 191, வியாழன் 196, வெள்ளி 193. திங்கட்கிழமை இரண்டின் ஓ.பி.வி.யும் 100 லட்சம். போன மாதம் விலை 199-ஐத் தொட்டுத் திரும்பியபோது இரண்டுக்குமே ஓ.பி.வி. 108 லட்சத்தில் இருந்தது.

முதல் பங்கில், விலை ஏறிய செவ்வாயன்று 6 லட்சம் பங்கு கைமாறியது, ஓ.பி.வி. 106. இறங்கிய புதனன்று 3 லட்சம்தான், 103. ஏறிய வியாழனன்று 7 லட்சம், 110. இறங்கிய வெள்ளியன்று மறுபடி 3 லட்சம், 107. இரண்டாவது பங்கில் இது அப்படியே தலைகீழ். ஏறிய நாட்களில் மும்மூன்று லட்சம், இறங்கிய நாட்களில் 6 லட்சமும் 7 லட்சமும். அதன் ஓ.பி.வி. 103, 97, 100 என்று போய் வெள்ளியன்று 93-இல் நிற்கிறது.

விலைச் சார்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். நான்கு நாளின் மொத்த வால்யூம்கூட இரண்டிலும் 19 லட்சம்தான். ஆனால் முதல் பங்கின் ஓ.பி.வி. வியாழனன்றே தன் பழைய உச்சமான 108-ஐத் தாண்டிவிட்டது. அப்போது விலை 196-இல்தான் இருந்தது. கோடு முந்திக்கொண்டது, விலை பின்னால் வருகிறது. இரண்டாவதில் விலை அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தாலும் சரக்கு நழுவிக்கொண்டிருக்கிறது.

அடுத்த திங்களன்று இரண்டுமே 12 லட்சம் வால்யூமோடு 204-இல் மூடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த நாளை மட்டும் பார்த்தால் இரண்டும் முதல்தரப் பிரேக்அவுட். ஓ.பி.வி.யைப் பாருங்கள். முதலாவது 119, பழைய உச்சத்துக்கு வெகு மேலே. இரண்டாவது 105. விலை புதிய உச்சம் தொட்டும் கோடு பழைய 108-ஐக்கூட எட்டவில்லை. நான் முதலாவதை நம்புவேன். இரண்டாவதை இன்னும் சில நாள் தள்ளி நின்று பார்ப்பேன். அது பொய்த்தே தீரும் என்று சொல்லவில்லை. 200-க்குக் கீழே அது திரும்பினால் ஆச்சரியப்படமாட்டேன், அவ்வளவுதான்.

இனி இந்தக் கோட்டின் குறையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் குறை பெரியது. அக்கா மகன் பார்த்த பங்குக்கே வருவோம். முந்தைய நாள் அது 196-இல் மூடியிருந்தது. அன்று 205 வரை போய், மதியத்துக்கு மேல் சரிந்து, 198.50-இல் மூடியது. வால்யூம் 9 லட்சம், சராசரியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 200-க்கு மேல் வாங்கிய அத்தனை பேரும் நட்டத்தில். ஆனால் மூடும் விலை நேற்றையதைவிட இரண்டரை ரூபாய் அதிகமல்லவா? ஓ.பி.வி. கொஞ்சமும் கூசாமல் 9 லட்சத்தையும் கூட்டிக்கொண்டு மேலே போனது! தோற்ற நாளை வெற்றியாக எழுதிவிட்டது.

பத்து பைசா ஏறினாலும் முழு வால்யூமும் ஒரே பக்கம் போகும். பத்து ரூபாய் ஏறினாலும் அப்படியே. நாளுக்குள் நடந்த சண்டை அதற்குத் தெரியாது. ஆகவே அன்றைய விலைப்பட்டையில் மூடும் விலை எங்கே நிற்கிறது என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும். உச்சத்துக்கு அருகில் மூடினால் வால்யூம் வாங்குபவர் பக்கம் பேசுகிறது. மேலே நீண்ட வால் விட்டுக் கீழே வந்து மூடினால், அதே பெரிய வால்யூம் 'மேலே விற்றுத் தள்ளினார்கள்' என்று சொல்கிறது.

இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு பெரிய நிறுவனம் இன்னொன்றுக்கு ஒரே நாளில் 40 லட்சம் பங்கை விற்றால், அந்தப் பங்கின் ஓ.பி.வி. ஒரு படிக்கட்டுபோல் செங்குத்தாகத் தாவி, அதன்பின் பல மாதம் அந்த உயரத்திலேயே உட்கார்ந்திருக்கும். விலை அசையாமல் கோடு மட்டும் ஒரே நாளில் தாவியிருந்தால், அன்றைய 'பல்க் டீல்' பட்டியலைப் பங்குச் சந்தையின் தளத்தில் தேடுங்கள். நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் அரை சதவீதத்துக்கு மேல் ஒருவர் வாங்கினாலோ விற்றாலோ அது அங்கே பெயரோடு வரும். அந்த ஒரு நாளை மனத்தில் கழித்துவிட்டுக் கோட்டைப் படிப்பதுதான் சரி.

நம் ஊர்ச் சந்தையில் ஒரு வசதி இருக்கிறது. அன்று வாங்கி அன்றே விற்கப்பட்டவை போக, உண்மையில் டீமேட் கணக்குக்குப் போன பங்குகள் எவ்வளவு என்ற டெலிவரி கணக்கை என்.எஸ்.இ. தினமும் தனியாக வெளியிடுகிறது. வழக்கமாக 5 லட்சம் வால்யூமில் 45 சதவீதம் டெலிவரி ஆகும் பங்கில், 2.25 லட்சம் பங்கு வீட்டுக்குப் போகிறது. பிரேக்அவுட் நாளில் 12 லட்சம் வால்யூம், டெலிவரி 20 சதவீதம் என்றால் வீட்டுக்குப் போனது 2.4 லட்சம்தான். திருவிழாக் கூட்டம்தான், வாங்கிப் போனவர்கள் வழக்கமான ஆட்கள் அளவுதான். இப்படிப்பட்ட நாளை நான் பாதி தள்ளுபடியில்தான் எடுத்துக்கொள்வேன்.

வால்யூம் குறைவாக இருந்தும் பிரேக்அவுட்டைச் சந்தேகிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: அப்பர் சர்க்யூட். காலையிலேயே விலை உச்ச வரம்பில் பூட்டிக்கொண்டால், விற்க ஆளில்லாததால் வால்யூம் சொற்பமாகத்தான் இருக்கும். அங்கே வால்யூமும் சரி, ஓ.பி.வி.யும் சரி, எதையும் சொல்லாது. சிறு நிறுவனப் பங்குகளில் ஒரு கும்பல் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி வாங்கி விற்று வால்யூமை உண்டாக்கவும் முடியும். அங்கே இந்தக் கணக்கு எல்லாமே அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கு. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

கோட்டைப் பரப்பியவரின் கதையையும் கேளுங்கள். 1981 ஜனவரி 6 அன்று கிரான்வில் தன் சந்தாதாரர்களுக்கு எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். மறுநாள் டோ ஜோன்ஸ் 24 புள்ளி அளவுக்கு விழுந்தது. நியூயார்க் சந்தையில் அதுவரை இல்லாத அளவாக ஏறக்குறைய 9.3 கோடி பங்குகள் கைமாறின. ஒரு தனி மனிதர் சொல்லிச் சந்தை ஆடிய நாள் அது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கச் சந்தையின் மாபெரும் ஏற்றம் தொடங்கியபோதோ, அவர் இன்னும் வீழ்ச்சியையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நம்பி வாங்கியபின் கவனிக்கவேண்டியது திரும்பி வரும் நாட்களை. உடைத்த பங்கு பெரும்பாலும் ஒருமுறை 200 பக்கம் வந்து எட்டிப் பார்க்கும். அப்போது வால்யூம் மூன்று, நான்கு லட்சமாக வற்றியிருந்தால் நல்லது, விற்பவர்களுக்கு அவசரமில்லை. இறங்கும் நாட்களில் எட்டு, ஒன்பது லட்சம் போனால் உங்கள் கணிப்பு தவறு. மூடும் விலை 200-க்குக் கீழே வந்த அன்று, ஓ.பி.வி. எவ்வளவு அழகாக இருந்தாலும், விற்றுவிட்டு வெளியே வாருங்கள்.